தீங்கு குறைப்பு விவாதம்: எதை ஆதரித்துப் பேசுவது, எதை விட்டுவிடுவது?

கல்லூரி விவாதப் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்கள் ஒரு தீர்மானத்தைப் பார்த்ததும் திகைத்து நிற்கிறார்கள்: "வயது வந்த புகைப்பிடிப்பவர்களிடம் ஆபத்து குறைந்த நிக்கோட்டின் பொருட்களை ஊக்குவிப்பது நியாயமானதே." ஆதரவு அணிக்குச் சீட்டு விழுந்தால் சிகரெட் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவது போல ஒரு கூச்சம் வருகிறது. எதிர் அணிக்கு விழுந்தால் "நிக்கோட்டின் கெட்டது" என்பதைத் தாண்டி ஏழு நிமிடம் பேசச் சரக்கில்லை என்ற பயம் வருகிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஊக்குவிப்பு என்றால் யார், யாரிடம், எந்த இடத்தில், எந்தப் பொருளைக் கொடுப்பது என்பதை முடிவு செய்யாமலே பேச்சை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். உலகில் இதற்கு நான்கு வடிவங்கள் நடைமுறையில் இருந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஆதரிக்கலாம். ஒன்றை ஆதரிக்கவே கூடாது. மற்ற இரண்டும் இடத்தைப் பொறுத்தவை. நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கிடைத்தாலும் நேர்மையாகப் பேச முடியும்.

## முதலில் அளவுகோல்கள்

எரிகிறதா? புகைப்பவர் தேடுவது நிக்கோட்டினை. அவரைக் கொல்வது பெரும்பாலும் இலை எரிவதால் வரும் தார் என்ற கரிய பிசின். இதை மைக்கேல் ரஸ்ஸல் என்ற பிரிட்டன் மனநல மருத்துவர் 1976லேயே எழுதிவிட்டார். இழுக்கும் நொடியில் சிகரெட்டின் நுனி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அந்த வெப்பத்தில் இலை எரிந்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் உருவாகின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலின் விளைவுதான். எரிதல் இல்லாத பொருளில் இந்தப் பட்டியலின் பெரும்பகுதி இல்லை, அல்லது மிகக் குறைவாக இருக்கிறது. ஆதரவு அணியின் வாதம் முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

எத்தனை பேர் புகையை முழுமையாக விடுகிறார்கள்? "முழுமையாக" என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். 2018இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு இதய நோயில் கூடும் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது. இருபதைப் பத்தாகக் குறைத்து, நடுநடுவே வேப் எனப்படும் மின்சிகரெட்டை இழுப்பவருக்கு இதயத்தின் பக்கம் கிடைக்கும் லாபம் சொற்பம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவர்களை வெற்றிக் கணக்கில் சேர்க்கும் எந்தப் புள்ளிவிவரத்தையும் ஏற்காதீர்கள்.

புகைக்காதவர் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள்? குறிப்பாகப் பள்ளி வயதினர்.

ஊக்குவிப்பவருக்கு எதில் லாபம்? அவர் நோயாளி விடுவதால் பயன் பெறுபவரா, விடாமல் தொடர்வதால் பயன் பெறுபவரா? நடுவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

## வடிவம் ஒன்று: தடையோடு மருந்து நிக்கோட்டின் (இந்தியா)

இந்தியாவில் மின்சிகரெட்டுகள் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தால் தடை செய்யப்பட்டன; அதே ஆண்டின் இறுதியில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சூடாக்கும் புகையிலைக் கருவிகளும் இதே தடைக்குள் வருகின்றன.

ஆனால் "ஆபத்து குறைந்த நிக்கோட்டின் பொருள்" இந்தியாவில் அறவே இல்லை என்று சொல்லிவிட்டால் அது தவறு. 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துச்சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனையும் உண்டு. எதிர் அணி இந்த இடத்தில்தான் காலூன்ற வேண்டும். "நாங்கள் தீங்கு குறைப்பை எதிர்க்கவில்லை, அது ஏற்கெனவே மருந்தாக இருக்கிறது" என்று சொல்லும்போது, எதிரியின் பாதி வாதம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு, அந்தச் சூயிங்கம் சரியாகப் பயன்படுத்தப்படாமல் வீணாவது. சாதாரண மிட்டாய்க்கம் போலத் தொடர்ந்து மென்றால் நிக்கோட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போகிறது. விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். இரத்தத்தில் சேர வேண்டிய அளவு சேர்வதில்லை. காரமான சுவை வரும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, சுவை மங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். காபியோ குளிர்பானமோ குடித்த பதினைந்து நிமிடத்துக்குள் போட்டால் வாயின் அமிலத்தன்மை உறிஞ்சலைக் கெடுக்கும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் எடுக்க வேண்டும். பலர் நாளைக்கு இரண்டோ மூன்றோ போட்டுப் பார்த்துவிட்டு "வேலைக்கு ஆகவில்லை" என்று கைவிடுகிறார்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேடுபவருக்கு 2 மில்லிகிராம் போதாது என்பதும் பலருக்குத் தெரியாது. பட்டையை ஒட்டிக்கொண்டு, தவிப்பு எழும்போது கூடவே சூயிங்கமும் போடுவது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

இந்த வடிவம் எப்போது மேலானது? மருந்துக்கடையில் ஒருவர் இதையெல்லாம் சொல்லித் தரக்கூடிய இடத்திலும், பள்ளி மாணவர் கையில் புதுப் பொருள் சேர்வதைத் தடுக்கும் ஆய்வாளர்கள் குறைவாக உள்ள இடத்திலும். எப்போது தோற்கிறது? தடை ஏட்டில் இருந்து, வேப் மறைவாக விற்கப்படும்போது. அப்போது நிக்கோட்டின் அளவு, உள்ளிருக்கும் கலவை, வாங்குபவரின் வயது எதற்கும் கணக்கில்லை. பீடியும் சிகரெட்டும் மட்டும் சட்டப்படி தெருமுனையில் கிடைக்கின்றன. அதிக ஆபத்துள்ள பொருள் சுலபமாகவும் குறைந்த ஆபத்துள்ளது குற்றமாகவும் இருக்கும் இந்த முரண்தான் ஆதரவு அணிக்குக் கிடைக்கும் மிகக் கூர்மையான கேள்வி.

## வடிவம் இரண்டு: சிகிச்சை மையம் கையில் கொடுப்பது (இங்கிலாந்து)

2023 ஏப்ரலில் இங்கிலாந்து அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது: பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் தொடக்கப் பெட்டியும் விடுவதற்கான ஆலோசனையும் இலவசம். கடை விளம்பரத்தில் இல்லை. புகை நிறுத்த மையத்தில், புகைப்பவர் என்று பதிவானவரின் கையில்.

இதன் பின்னால் இருக்கும் முக்கியமான ஆய்வை ஆதரவுப் பேச்சாளர் விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். பீட்டர் ஹாஜெக் தலைமையிலான குழு 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. பிரிட்டன் மையங்களுக்கு வந்த 886 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மீண்டும் நிரப்பக்கூடிய வேப், 18 மில்லிகிராம் திரவத்தோடு. மறு குழுவுக்கு அவரவர் விரும்பிய சூயிங்கம், பட்டை முதலியவை. இரு குழுவுக்கும் குறைந்தது நான்கு வாரம் நேரடி ஆலோசனை. ஓராண்டு கழித்து, வாய்ச்சொல்லை நம்பாமல், மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளந்து பார்த்தார்கள். வேப் குழுவில் 18.0%, மற்ற குழுவில் 9.9% பேர் புகையை விட்டிருந்தார்கள்.

கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியையும் படியுங்கள். வேப் மூலம் விட்ட 79 பேரில் 63 பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து நிக்கோட்டினால் விட்ட 44 பேரில் அந்த மருந்தைத் தொடர்ந்தவர்கள் நான்கே பேர். எதிர் அணி இந்த எண்ணைத் தூக்கி வரும். வருமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு இன்னும் நிதானமான எண்களைத் தருகிறது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களிலோ ஒரு உதவியும் பெறாதவர்களிலோ 100க்கு 4 பேர் விடுகிறார்கள். சூயிங்கம், பட்டை வகையில் 6 பேர். நிக்கோட்டின் வேப்பில் 8 முதல் 10 பேர். மேடையில் இதையே பயன்படுத்துங்கள். ஒற்றை ஆய்வின் 18 சதவீதத்தைப் பொதுவிதியாகச் சொன்னால், விவரம் தெரிந்த எதிரி ஒருவர் போதும், உங்கள் நம்பகத்தன்மை போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு, மையத்துக்கு வெளியே நடப்பது. வேப் பாதுகாப்பானது என்ற செய்தி புகைப்பவரிடம் மட்டும் நின்றுவிடவில்லை. பிரிட்டனில் தொலைக்காட்சி, வானொலி விளம்பரம் இல்லாதிருந்தும், திரவத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு இருந்தும், பழச்சுவையோடு மிட்டாய் நிறத்தில் வந்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்கள் பள்ளிகளுக்குள் நுழைந்தன. 2023இல் 11 முதல் 17 வயதுக்குள் 7.6% பேர் வேப் பிடிப்பதாக அங்குள்ள ஒரு புகை எதிர்ப்பு அமைப்பின் கணக்கெடுப்பு சொன்னது. 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை வேப் விற்பனையே தடை செய்யப்பட்டது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: மையத்தில் நிரப்பு வேப் கொடுத்ததற்கும், கடையில் மிட்டாய் வேப் விற்றதற்கும் தொடர்பு அவசியமில்லை. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை நிறுத்த முடியும். ஆதரவு அணி தன் தீர்மானத்திலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

## வடிவம் மூன்று: மருந்துக்கடைக்குள் அடைப்பது (ஆஸ்திரேலியா)

காகிதத்தில் இதைவிட அழகான சமரசம் இல்லை. 2024 ஜூலை முதல் வேப் மருந்துக்கடையில் மட்டும். அக்டோபர் முதல் வயது வந்தவர்கள் 20 மில்லிகிராம் வரையுள்ளதை மருந்தாளுநரிடம் பேசிவிட்டுச் சீட்டின்றி வாங்கலாம். சுவை புதினா, மென்தால், புகையிலை மட்டும். வெற்று உறை.

நடந்தது வேறு. பல மருந்துக்கடைகள் இதை விற்க முன்வரவில்லை. சிகரெட் வரி ஏற்கெனவே உலகின் உச்சத்தில் இருந்தது. இந்த இடைவெளியில் கள்ளச்சந்தை பெருகியது. விக்டோரியா மாநிலத்தில் புகையிலைக் கடைகள் தொடர்ந்து தீவைத்துக் கொளுத்தப்படும் அளவுக்கு அந்தப் போட்டி முற்றியது. ஒரு பொருளைச் சட்டப்படி அனுமதித்தும், கள்ளச்சந்தையைவிடக் கிடைக்க அரிதாக வைத்தால் அனுமதிக்குப் பலனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தயாரிப்பு இல்லாத அணிகள் நடுவழி என்று நினைத்து இதைத்தான் எடுக்கும். எதிரில் ஆஸ்திரேலியச் செய்தியைப் படித்தவர் ஒருவர் இருந்தால் அங்கேயே தோற்றுவிடும்.

## வடிவம் நான்கு: நிறுவனமே விளம்பரம் செய்வது (அமெரிக்கா)

இதை ஆதரிக்காதீர்கள். தீர்மானத்தின் சொற்கள் இதையும் உள்ளடக்குவது போலத் தெரிந்தால், முதல் நிமிடத்திலேயே வரையறையால் வெளியே தள்ளுங்கள்.

ஜூல் என்ற சிறு வேப் கருவி அமெரிக்காவில் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிக்கோட்டினோடு விற்கப்பட்டது. 20 மில்லிகிராம் என்ற ஐரோப்பிய வரம்பைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நிக்கோட்டினை உப்பு வடிவில் சேர்த்ததால் தொண்டையைக் காந்தாமல் உள்ளே போனது. புகைப்பவருக்கு அது மாறுவதற்கு உதவியது. முதன்முறை இழுத்துப் பார்க்கும் சிறுவனுக்கும் அதே அளவு உதவியது. 2019இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5% பேர் கடந்த 30 நாளில் வேப் பிடித்ததாகச் சொன்னார்கள். 2022இல் ஜூல் நிறுவனம் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு சுமார் 44 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பின்னர் வயது வரம்பு, சுவைக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு 2024இல் அந்த விகிதம் 7.8% ஆக இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இதற்கும் முந்தைய வரலாறு இன்னும் கசப்பானது. "லைட்", "குறைந்த தார்" சிகரெட்டுகளும் ஒரு காலத்தில் தீங்கு குறைப்பு என்றுதான் விற்கப்பட்டன. வடிகட்டியில் நுண்துளைகள் போட்டுக் காற்றைக் கலந்ததால், அளக்கும் இயந்திரத்தில் தார் குறைவாகக் காட்டியது. மனிதர்களோ துளைகளை விரலாலும் உதட்டாலும் அடைத்து, ஆழமாகவும் அதிகமாகவும் இழுத்து, தேவையான நிக்கோட்டினை எடுத்துக்கொண்டார்கள். தாரும் கூடவே வந்தது. நிறுவனங்களுக்கு இது தெரிந்தே இருந்தது என்று 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். எதிர் அணியின் ஆகச் சிறந்த சான்று இது. நிறுவனத்தின் கையில் ஒலிபெருக்கியைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு வேறு வாதமே தேவையில்லை.

ஆதரவு அணிக்கு இதற்கு ஒரே ஒரு நல்ல பதில் உண்டு: லைட் சிகரெட்டும் எரிந்தது. வேப்பிலும் சூயிங்கத்திலும் எரிதல் இல்லை. பயன்படுத்துவோரின் உடலிலேயே நச்சுப்பொருள் குறைந்ததை அளந்திருக்கிறார்கள், இயந்திரத்தில் மட்டும் அல்ல.

## ஆயிரம் பேரை வைத்து ஒரு கணக்கு

மேடையில் வேப் "95% பாதுகாப்பு" என்ற எண் கட்டாயம் வரும். அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் டேவிட் நட் உள்ளிட்ட ஒரு நிபுணர் குழு பல பொருட்களின் தீங்கை மதிப்பெண் போட்டு ஒப்பிட்டது. அதை ஒட்டி 2015இல் இங்கிலாந்து பொதுச் சுகாதார அமைப்பு "சுமார் 95% தீங்கு குறைவு" என்றது. 2016இல் ராயல் மருத்துவர் கல்லூரி, தீங்கு புகையின் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்றது. இவை ஆய்வகத்தில் அளந்த எண்கள் அல்ல, நிபுணர் மதிப்பீடுகள். லான்செட் இதழ் அப்போதே கடுமையாக விமர்சித்தது. நாற்பது ஆண்டு வேப் பிடித்தவர் இன்னும் உலகில் இல்லை. ஆகவே ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்காமல், 5% என்றும், வேண்டுமென்றே மோசமாக எடுத்துக்கொண்டு 30% என்றும் இரண்டு வகையிலும் கணக்குப் போடுங்கள்.

ஆயிரம் புகைப்பவர்கள். ஒவ்வொருவரும் புகைப்பதன் தீங்கு 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். விட்டவர்களின் எண்ணிக்கைக்குக் காக்ரேன் எண்கள். வேப்பில் தங்கிவிடுபவர்களுக்கு ஹாஜெக் ஆய்வின் 80%. அவர்கள் வாழ்நாள் முழுவதும் வேப்பை விடவில்லை என்றும் கருதுவோம்.

| வழி | புகையை விட்டவர் | வேப்பில் தங்கியவர் | மீதித் தீங்கு (வேப் 5% என்றால்) | மீதித் தீங்கு (வேப் 30% என்றால்) |
|---|---|---|---|---|
| உதவி ஏதுமில்லை | 40 | 0 | 96,000 | 96,000 |
| சூயிங்கம், பட்டை | 60 | 0 | 94,000 | 94,000 |
| வேப், குறைந்த மதிப்பு | 80 | 64 | 92,320 | 93,920 |
| வேப், உயர்ந்த மதிப்பு | 100 | 80 | 90,400 | 92,400 |

மூன்றாவது வரியின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். வேப்பின் தீங்கு 30% என்றும், வெற்றி குறைந்தபட்சம் என்றும் கொண்டால், சூயிங்கத்தைவிட அது தருவது வெறும் 80 அலகு லாபம். ஒருவர் புகையை விட்டதற்குக்கூட ஈடாகாது. அதே கட்டத்தை முதல் வரியோடு ஒப்பிட்டால் 2,080 அலகு லாபம்.

அதாவது விவாதத்தின் முடிவு, எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சூயிங்கமும் ஆலோசனையும் உண்மையிலேயே கிடைக்கும் ஊரில் வேப்பின் கூடுதல் பயன் சிறிது. எதுவுமே கிடைக்காத ஊரில் மிகப் பெரிது. ஏற்கெனவே சூயிங்கம் போட்டுத் தோற்றவருக்கும் ஒப்பீடு முதல் வரியோடுதான். ஆதரவு அணி "எதுவுமில்லாததோடு" ஒப்பிட வேண்டும், எதிர் அணி "நன்றாக நடத்தப்படும் சூயிங்கம் திட்டத்தோடு" ஒப்பிட வேண்டும். இரண்டு அணியும் இதைச் சொல்லாமலே தத்தம் வரியை வைத்துப் பேசுவதால்தான் பெரும்பாலான விவாதங்கள் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன.

புதிதாக உள்ளே வருபவரின் செலவையும் இதே அலகில் போடலாம். 5% என்றால், ஒரு புகைப்பவர் முழுமையாக மாறும் 95 அலகு லாபத்தை, புகைக்காத 19 பேர் வாழ்நாள் வேப் தொடங்கினால்தான் அழிக்க முடியும். 30% என்றால் லாபம் 70. அதை அழிக்க இரண்டு மூன்று பேரே போதும். அவர்களில் ஒருவர் சிகரெட்டுக்குப் போய்விட்டால் ஒரே ஆளின் 100 அலகில் எல்லாம் அழிந்துவிடும். ஊக்குவிப்பு புகைப்பவரின் கையோடு நின்றால் நியாயம் நிற்கிறது. தெருவுக்கு வந்தால் அது எண்ணிக்கையைப் பொறுத்த சூதாட்டமாகிறது.

## ஸ்வீடனை மேற்கோள் காட்டும் முன்

ஆதரவுப் பேச்சாளர்களுக்கு ஸ்வீடன் மிகவும் பிடிக்கும். அங்கே ஆண்கள் ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலைப் பொட்டலத்தை மேலுதட்டுக்குள் ஒதுக்குகிறார்கள். தினமும் புகைப்பவர்கள் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவு. ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் மரணமும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியம் ஸ்னூஸ் விற்பனையைத் தடை செய்திருந்தாலும், 1995இல் சேரும்போது ஸ்வீடன் விலக்கு வாங்கிக்கொண்டது. 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சில ஸ்னூஸ் வகைகளுக்கு, சிகரெட்டைவிட ஆபத்து குறைவு என்று சொல்லிக்கொள்ள அனுமதி அளித்தது.

ஆனால் இதை நம் ஊர் மேடையில் விளக்கமின்றிச் சொல்வது ஆபத்து. "வாயில் ஒதுக்கும் புகையிலை பாதுகாப்பு" என்று கேட்பவர் காதில் விழும். ஸ்னூஸ் ஆவியில் வேகவைத்துப் பக்குவப்படுத்தப்படுகிறது. புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன் அளவுக்கு உற்பத்தித் தர வரம்பு உண்டு. குட்கா, கைனி, புகையிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேரும் வெற்றிலை ஆகியவை அப்படி அல்ல. இந்தியாவின் வாய்ப்புற்றுநோய்ச் சுமைக்கு அவை முக்கியக் காரணம். பாக்கே தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 21.4% பேர் புகையில்லாப் புகையிலை எடுப்பவர்கள், புகைப்பவர்கள் 10.7% மட்டுமே. புகைப்பவர்களிலும் சிகரெட்டைவிடப் பீடிதான் அதிகம்: 7.7 சதவீதத்துக்கு 4.0. இங்கிலாந்தில் கிடைத்த முடிவை அப்படியே இங்கே ஒட்ட முடியாது என்று எதிர் அணி வாதிட இந்த ஒரு பத்தி போதும். வாதமும் சரியானதுதான். பீடிக்கட்டு வாங்குபவர் கருவியும் திரவமும் வாங்க வேண்டிய விலை வேறு; குட்கா எடுப்பவரிடம் எரிதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

## பேச்சில் எப்படி வைப்பது

ஆதரவு அணி முதல் நிமிடத்தை வரையறைக்குக் கொடுக்கட்டும். இப்படி:

"நடுவர் அவர்களே, நாங்கள் ஊக்குவிப்பு என்று சொல்வது விளம்பரப் பலகையை அல்ல. புகையை விட முயன்று தோற்ற வயது வந்த ஒருவரிடம், பயிற்சி பெற்ற ஆலோசகர், எரியாத நிக்கோட்டின் பொருளைக் கொடுத்து, முழுமையாக மாறும்வரை பின்தொடர்வதை. நிறுவனம் வாய் திறக்கக் கூடாது. பழச்சுவை ஒருமுறைக் கருவி விற்கக் கூடாது. இந்த எல்லைக்குள் நியாயம் என்கிறோம். இதற்கு வெளியே நடப்பதை எங்கள் எதிரணியோடு சேர்ந்து நாங்களும் எதிர்க்கிறோம்."

அடுத்த இரண்டு நிமிடம் எரிதலுக்கு. பிறகு 4, 6, 8 முதல் 10 என்ற காக்ரேன் வரிசை. பிறகு ஆயிரம் பேர் கணக்கின் முதல், மூன்றாம் வரிகள். விட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு ரிச்சர்ட் டால் குழுவின் பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வு இருக்கிறது: வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர் சராசரி 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார், 40 வயதில் விட்டால் 9 ஆண்டு, 50இல் 6, 60இல்கூட 3 ஆண்டு திரும்பக் கிடைக்கிறது. அறுபது வயதுக்காரரிடம் "விடு, இல்லாவிட்டால் செத்துப்போ" என்ற இரண்டே வழி வைப்பது அந்த மூன்று ஆண்டைப் பறிப்பதாகும். இது உணர்ச்சியோடு சொல்ல வேண்டிய இடம், சொல்லுங்கள்.

எதிர் அணி பள்ளி மாணவர் வாதத்தில் மட்டும் ஏழு நிமிடத்தையும் செலவிடக் கூடாது. வேப் பிடிப்பவர் சிகரெட்டுக்குப் போகிறார் என்ற "வாசல்" வாதம் எளிதில் தாக்கப்படுவது. இரண்டையும் தொடுபவர்கள் இயல்பிலேயே துணிந்து பார்ப்பவர்களாக இருக்கலாம் என்று பதில் வரும். லைட் சிகரெட் வரலாறு, 79இல் 63, இந்தியாவின் புகையில்லாப் புகையிலை, ஏற்கெனவே கிடைக்கும் சூயிங்கம் என்ற வரிசை அதைவிட உறுதியானது. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்கு வந்த நுரையீரல் பாதிப்பையும் கவனமாகக் கையாளுங்கள். 68 பேர் இறந்தது உண்மை. ஆனால் முக்கியக் காரணமாக உறுதியானது கஞ்சாச் சாறு கலந்த கள்ளத் திரவங்களில் இருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். இதை நிக்கோட்டின் வேப் மேல் ஏற்றினால் மறுப்புரையில் அது உங்களையே திருப்பி அடிக்கும், "கள்ளச்சந்தையைத்தான் உங்கள் தடை வளர்க்கிறது" என்று.

தமிழ்நாட்டு மேடையில் ஆதரவாகப் பேசுபவர் ஒன்றை மறைக்கக் கூடாது: வேப்பைப் பொறுத்தவரை நீங்கள் கேட்பது 2019 சட்டத்தைத் திருத்துவதை. இன்றைய சட்டத்துக்குள் ஊக்குவிக்க முடிந்தது சூயிங்கமும் பட்டையும்தான். சிங்கப்பூரில் நடக்கும் போட்டி என்றால் நிலை இன்னும் கடுமை; அங்கே வேப் கையில் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். சட்டத் திருத்தம் கேட்கத் தயாரில்லை என்றால் தீர்மானத்தை மருந்து நிக்கோட்டினோடு நிறுத்திக்கொண்டு, மாவட்ட மருத்துவமனைகளிலும் காசநோய் மையங்களிலும் 4 மில்லிகிராம் சூயிங்கத்தையும் பட்டையையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும், மெல்லும் முறையைச் சொல்லித் தர ஆள் வேண்டும் என்று கேளுங்கள். எதிர் அணியால் அதை எதிர்க்க முடியாது. எதிர்த்தால், தாங்கள் காட்டிய மாற்று வழியையே அவர்கள் கைவிட வேண்டிவரும்.